பிளைவுட் வாங்கும் முன் ரம்பத்துக்கும் இடம் விடுங்கள்

பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டில் வார்ட்ரோப் போடுபவர்கள் பலரும் கார்பென்டரிடம் "ஆழம் 2 அடி" என்றே சொல்வார்கள். ஷீட் அகலம் 4 அடி, அப்போ இரண்டு துண்டு சரியாக வரும் என்று தோன்றும். வராது.

4 அடி என்பது சுமார் 1220 மி.மீ. ரம்பம் ஒருமுறை ஓடினாலே 3 மி.மீ. தூளாகிப் போகும். ஷீட்டின் ஓரம் சிதைந்திருந்தால் அதையும் சீவ வேண்டும். இரண்டாவது துண்டு 2 அடிக்குக் குறைந்துவிடும், அதற்காக இன்னொரு ஷீட்டை வெட்டுவார்கள். ஆழத்தை 600 மி.மீ. என்று எழுதிக் கொடுங்கள். வெட்டு போக ஓரம் சீவ 17 மி.மீ. மிஞ்சும். ஹேங்கரில் சட்டை மாட்ட அந்த ஆழம் பொதுவாகப் போதும். ஸ்லைடிங் கதவு என்றால் மட்டும் கதவுக்கான இடத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

உயரம் 7 அடிக்குள் இருந்தால் 8க்கு 4 ஷீட் வேண்டாம், 7க்கு 4 கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு அடி மிச்சமாகும்.

கிச்சன் கீழ் பெட்டியிலும் இதே கதைதான். பக்கப் பலகை 720 மி.மீ. உயரம் என்றால் 7 அடி நீளத்தில் மூன்று வராது. 700 ஆக்கினால், ஆழம் 560 வைத்து, ஒரே 7க்கு 4 ஷீட்டில் ஆறு பலகை கிடைக்கும். குறைந்த 20 மி.மீ.யை அடியில் வரும் லெக்கில் ஏற்றிவிடலாம்.

பலகைகளை உயரவாக்கில், மேல்பரப்பில் தெரியும் மர ரேகை பலகையின் நீளத்தோடு போகும்படி வெட்டச் சொல்லுங்கள், வளைவது குறையும்.