கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாமல் தந்தை இறந்தால்: பங்கு பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவக் குடும்பங்களில் சொத்துப் பிரிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, அக்கம்பக்கத்தில் பார்த்த இந்து வாரிசுரிமைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதுதான். பத்திர எழுத்தரும் பழக்கத்தில் அதையே எழுதிவிடுகிறார். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் கணக்கே வேறு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அவர் பெயரில் 90 சென்ட் நிலம். மனைவி, வயதான தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மூத்த மகன் முன்பே இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் தாயின் பெயரும் இருக்கிறது. உடனே வீட்டில் "மனைவி, தாய், மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பங்கு, ஆளுக்கு 18 சென்ட்" என்று பேச்சு ஆரம்பிக்கும். இந்துக் குடும்பமாக இருந்தால் இது சரி. இங்கே தவறு. யார் யார் உறவு என்று காட்டத்தான் அந்தச் சான்றிதழ் உதவும். யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம்தான் சொல்லும்.

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், முதலில் மூன்றில் ஒரு பங்கை மனைவிக்கு ஒதுக்கிவிட வேண்டும். அதாவது 30 சென்ட். மீதி 60 சென்ட் பிள்ளைகளின் வழிக்குப் போகும். மூன்று கிளை, ஆகவே கிளைக்கு 20 சென்ட். மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. இறந்த மூத்த மகனின் 20 சென்ட்டை அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு 10 என்று எடுத்துக்கொள்வார்கள். தாய்க்குப் பங்கு இல்லை. பிள்ளைகள் வழி ஒருவர் இருந்தாலும் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எதுவும் வராது.

மருமகளுக்கு? மாமனாரின் சொத்தில் நேரடியாக எதுவும் இல்லை. இந்து முறையில் கணவனின் கிளைக்கு வரும் பங்கில் அவருக்கும் ஒரு பகுதி உண்டு, இங்கே இல்லை. எனக்கு இது மனத்துக்கு ஒப்பாத விதிதான், ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கணவர் தன் தந்தைக்குப் பிறகு இறந்திருந்தால் கதையே மாறிவிடும். அப்போது 20 சென்ட் முதலில் கணவருக்கு வந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குப் போகும். அதனால் யார் முதலில் இறந்தார் என்பதை இறப்புச் சான்றிதழ்களின் தேதியைப் பார்த்து உறுதி செய்யாமல் கணக்குப் போடாதீர்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் மைனர்களாக இருந்தால், அவர்களுக்காகத் தாய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. நீதிமன்ற அனுமதி இல்லாத அந்தப் பத்திரத்தைப் பின்னாளில் எதிர்த்து வழக்குப் போட முடியும்.

அடுத்தது, மகளின் பங்கு. "அவளுக்குத்தான் நகையும் சீரும் போட்டாச்சே" என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். பிள்ளைக்கு வாழ்நாளில் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 49-வது பிரிவு சொல்கிறது. மகனுக்குப் படிப்புக்கோ தொழிலுக்கோ கொடுத்த பணத்துக்கும் அதே விதிதான். கன்னியாகுமரிப் பக்கம் இந்தப் பேச்சு அதிகம். அது திருவிதாங்கூரில் இருந்த பகுதி. அங்கே 1916-ம் ஆண்டின் பழைய சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாத்தா காலத்து வழக்கத்தைக் காட்டி மகளை ஒதுக்க இன்று வழியில்லை.

பிள்ளைகளே இல்லாதபோது வேறொரு தவறு நடக்கும். "இனி எல்லாம் மனைவிக்குத்தானே" என்று விட்டுவிடுவார்கள். மனைவிக்குப் பாதிதான். கணவரின் தந்தை உயிரோடு இருந்தால் மறுபாதி முழுவதும் அவருக்கு. தாய்க்கு எதுவும் இல்லை. தந்தை இல்லையென்றால் தாயும் உடன்பிறந்தவர்களும் அந்தப் பாதியைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். தாயும் இரண்டு தம்பிகளும் இருந்தால் ஆளுக்கு மொத்தத்தில் ஆறில் ஒன்று. அப்படியொரு வீட்டை விதவை தனியாகக் கையெழுத்துப் போட்டு விற்றால், வாங்குபவருக்குப் போவது அவருடைய பாதி மட்டுமே. கணவருக்கு உறவென்று ஒருவருமே இல்லாத நிலையில்தான் முழுச் சொத்தும் மனைவிக்கு வரும்.

வீடு இருவர் பெயரிலும் சமமாக வாங்கியதாக இருந்தால் மனைவியின் பாதி அவருடையதே, அதை வாரிசுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கணவரின் பாதியை மட்டும் எடுத்து மேலே சொன்னபடி பிரிக்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அந்த விதவைக்கு வீட்டில் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும்.