ஒரே போனில் இரண்டு கூகுள் கணக்கு: பலரும் செய்யும் தவறுகள்

ஆண்ட்ராய்டு போனில் சொந்தக் கணக்கு ஒன்றும் அலுவலகக் கணக்கு ஒன்றும் சேர்த்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சுலபம். ஜிமெயிலின் மேல் வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, பட்டியலில் மற்ற கணக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் படத்தின் மீது விரலை வைத்து மேலேயோ கீழேயோ இழுத்தாலும் கணக்கு மாறிவிடும். கடவுச்சொல் எதுவும் கேட்காது.

அப்படி மாறுவது அந்த ஒரு ஆப் மட்டும்தான். இதைக் கவனிக்காததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. ஜிமெயிலில் அலுவலகக் கணக்குக்கு மாறிய பிறகும் டிரைவ், மேப்ஸ், யூடியூப் எல்லாம் கடைசியாக எந்தக் கணக்கில் விட்டீர்களோ அதிலேயே இருக்கும். ஒவ்வொரு ஆப்பும் தன் கணக்கைத் தனியாக நினைவில் வைத்திருக்கிறது. அதனால் அலுவலக மெயிலைப் படித்துவிட்டு உடனே டிரைவுக்குப் போய் ஒரு கோப்பை ஏற்றினால், அது சொந்த டிரைவில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. சக ஊழியருக்கு இணைப்பை அனுப்பியதும் அவரிடமிருந்து அனுமதி கேட்டு ஒரு மெயில் வரும். அது சொந்த மெயிலுக்கு வந்தால், கோப்பு எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

மெயில் அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். புது மெயில் எழுதும் திரையில் From என்ற வரியைத் தொட்டால் போனில் உள்ள எல்லா முகவரிகளும் வரும். எல்லாக் கணக்கின் மெயிலையும் ஒன்றாகக் காட்டும் All inboxes பகுதியில் இருக்கும்போதும், கேலரியிலிருந்து ஒரு படத்தை ஜிமெயிலுக்குப் பகிரும்போதும் அந்த வரியைப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். காலண்டரில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. அது எல்லாக் கணக்கின் நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் கலந்துதான் காட்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரத்தைக் குறிக்கும்போது அலுவலகக் கணக்கு தேர்வாகியிருந்தால், அந்த நிறுவனத்தின் பகிர்வு அமைப்பைப் பொறுத்து உடன் வேலை செய்பவர்களுக்கும் அது தெரியலாம்.

இவையெல்லாம் உடனே கண்ணில் படும் தவறுகள், திருத்திக்கொள்ளலாம். வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் இரண்டு தவறுகளைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒன்று தொடர்பு எண்கள், இன்னொன்று படங்கள்.

தொடர்பு எண்களை எடுத்துக்கொள்வோம். போனில் ஒரு புது எண்ணைச் சேமிக்கும்போது அது ஏதோ ஒரு கணக்குக்குள் போகிறது. ஆனால் டயலரில் பார்க்கும்போது எல்லாக் கணக்கின் பெயர்களும் ஒரே பட்டியலாகத் தெரியும். எந்தப் பெயர் எந்தக் கணக்குக்குச் சொந்தம் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அம்மாவின் எண் அலுவலகக் கணக்கில் இருக்கலாம், மேலாளரின் எண் சொந்தக் கணக்கில் இருக்கலாம். இரண்டு கணக்கும் போனில் இருக்கும் வரை வித்தியாசமே தெரியாது.

படங்களில் நிலைமை வேறு. கேமராவில் எடுத்த படம் போனின் நினைவகத்தில் இருக்கிறது. அது எந்தக் கணக்குக்கும் சொந்தமில்லை. கூகுள் போட்டோஸில் எந்தக் கணக்குக்கு மாறினாலும் போனில் உள்ள படங்கள் தெரியும். ஒரு கணக்கில் இருந்துகொண்டு போனிலுள்ள படத்தை அழித்தால் அது போனிலிருந்தே போய்விடும். ஆனால் பேக்கப் என்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். எந்தக் கணக்கு என்பதை போட்டோஸின் பேக்கப் அமைப்பில் பார்க்கலாம். பலரும் போன் வாங்கிய நாளில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இப்போது ஒருவரை நினைத்துக்கொள்வோம். புது வேலையில் சேர்ந்தபோது புது போன் வாங்கினார். முதலில் அலுவலகக் கணக்கைச் சேர்த்தார், சொந்தக் கணக்கைச் சில வாரம் கழித்துச் சேர்த்தார். அதற்குள் போட்டோஸ் பேக்கப் அலுவலகக் கணக்கில் அமைந்துவிட்டது. புது எண்களும் அங்கேயே சேமிக்கப்பட்டன. வாட்ஸப் பேக்கப் எந்தக் கணக்கில் என்று கேட்டபோது பட்டியலில் மேலே இருந்ததைத் தொட்டார். மூன்று வருடம் எல்லாம் நன்றாகவே நடந்தது. நடுவில் போனில் இடம் நிறைந்தபோது போட்டோஸில் Free up space என்பதை அழுத்தினார். பேக்கப் ஆகிவிட்ட படங்களின் பிரதிகளை அது போனிலிருந்து நீக்கும். திரையில் படங்கள் முன்போலவே தெரிந்ததால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பிறகு வேலையை விட்டார். நிறுவனம் கணக்கை மூடியது. போன் மறுபடி மறுபடி உள்நுழையச் சொன்னதால் அந்தக் கணக்கை நீக்கினார். அடுத்த நிமிடமே வாட்ஸப்பில் பெயர்கள் மறைந்து வெறும் எண்கள் தெரிய ஆரம்பித்தன. வாட்ஸப் பெயர்களைப் போனின் தொடர்புப் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறது. அந்தப் பட்டியலின் பெரும்பகுதி மூடப்பட்ட கணக்கோடு போய்விட்டது. போட்டோஸில் கடைசிச் சில மாதப் படங்கள் மட்டும் இருந்தன. பழையவை ஏற்கனவே போனிலிருந்து நீக்கப்பட்டவை, மிச்சமிருந்த ஒரே பிரதி நிறுவனத்தின் கணக்கில். அரட்டைகள் இந்தப் போனில் இருக்கின்றன, ஆனால் போனை மாற்றி பேக்கப்பிலிருந்து மீட்கப் போனால் அதுவும் கிடைக்காது.

இந்த நிலைக்கு வந்தவர் முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் ஐடி பிரிவைத் தாமதமில்லாமல் தொடர்புகொள்வது. கணக்கை அவர்கள் முடக்கி மட்டும் வைத்திருந்தால் உள்ளே உள்ளவை அப்படியே இருக்கும். நீக்கியே விட்டிருந்தாலும் 20 நாட்களுக்குள் நிர்வாகி அதை மீட்க முடியும். அதற்குப் பிறகு வழியில்லை. அவர்கள் மீட்டுத் தர ஒப்புக்கொள்வார்களா என்பது அவர்கள் விருப்பம், கணக்கு அவர்களுடையது.

முன்கூட்டியே சரிசெய்வது இதைவிட மிகச் சுலபம். கூகுளின் தொடர்புகள் ஆப்பைத் திறந்து வட்டப் படத்தில் அலுவலகக் கணக்குக்கு மாறினால், அந்தக் கணக்கில் உள்ள எண்களைத் தனியாகப் பார்க்கலாம். ஒரு சில எண்கள்தான் என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Move to another account கொடுத்துச் சொந்தக் கணக்குக்கு நகர்த்தலாம். நிறைய இருந்தால் Export to file மூலம் ஒரு .vcf கோப்பாக எடுத்து, அதைச் சொந்தக் கணக்கில் இறக்குமதி செய்துவிடலாம். அப்புறம் அதே ஆப்பின் அமைப்புகளில், புது எண்களுக்கான இயல்புக் கணக்காகச் சொந்தக் கணக்கை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை சேமிக்கும் எண் மறுபடி பழைய இடத்துக்கே போகும்.

படங்களுக்கு, பேக்கப் கணக்கைச் சொந்தக் கணக்காக மாற்றுவது பாதி வேலைதான். மாற்றிய பிறகு போனில் இருக்கும் படங்கள் புதிதாக ஏறும், ஆனால் போனிலிருந்து நீக்கப்பட்ட பழைய படங்கள் தாமாக இடம் மாறாது. அவற்றை அலுவலகக் கணக்கில் இருந்தபடி தேர்ந்தெடுத்து முதலில் போனுக்கோ கணினிக்கோ இறக்க வேண்டும். சொந்தக் கணக்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். வாட்ஸப்பில் அமைப்புகள், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் எந்தக் கூகுள் கணக்கு என்று காட்டும். மாற்றிய பிறகு ஒரு முறை பேக்கப்பை நீங்களே அழுத்தி ஓட விடுங்கள்.

கணக்கை நீக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. Remove account என்பது போனிலிருந்து மட்டும் எடுக்கும். கணக்கு கூகுளில் அப்படியே இருக்கும், மறுபடி சேர்த்தால் மெயிலும் எண்களும் திரும்பி வரும். ஆனால் ஒத்திசைவு ஆகாமல் போனிலேயே நின்றவை வராது. அதனால் நீக்கும் முன் அந்தக் கணக்கின் ஒத்திசைவுப் பக்கத்தில் கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. அலுவலக அறிவிப்புகள் தொல்லை தாங்காமல் கணக்கையே நீக்குபவர்களும் உண்டு. அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜிமெயில் அமைப்புகளில் அந்தக் கணக்கைத் தொட்டு, அறிவிப்புகளை None என்று வைத்தால் போதும்.

பணம் சம்பந்தப்பட்ட தவறு ஒன்று பிளே ஸ்டோரில் நடக்கிறது. எந்தக் கணக்கில் நிறுவினாலும் ஆப் போனில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சந்தா, வாங்கிய கணக்கோடு ஒட்டியது. நிறுத்தலாம் என்று பிளே ஸ்டோரின் சந்தாப் பட்டியலைத் திறந்தால் அது காலியாக இருக்கும், மாதா மாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அப்போது வட்டப் படத்தைத் தொட்டு மற்ற கணக்குக்கு மாறிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கூகுள் மூலம் உள்நுழையும் மற்ற ஆப்களிலும் இதே கதைதான். தவறான கணக்கைத் தொட்டால் பல ஆப்கள் பிழை எதுவும் காட்டாமல் புதிதாகக் காலிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடும். பழைய தகவல் எல்லாம் காணோம் என்று பதறும் முன், வெளியேறி மற்ற கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவரின் கணக்கை உங்கள் போனில் சேர்க்க நினைத்தால், இதுவரை சொன்னதை மனதில் வைத்து முடிவெடுங்கள். திரைப்பூட்டைத் திறக்கத் தெரிந்த யாரும் இரண்டு கணக்கின் மெயிலையும் படிக்கலாம். டவுன்லோடு கோப்புறை, கேலரி, கிளிப்போர்டு, விசைப்பலகை கற்றுக்கொண்ட சொற்கள் எல்லாம் பொதுவில்தான் இருக்கும். உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டும் என்றால் அதற்குக் கணக்கு போதாது, தனிப் பயனர் வேண்டும். சில போன்களில் அமைப்புகளின் சிஸ்டம் பகுதியில் Users என்று இருக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைத் தருவதில்லை. அதில் புதுப் பயனரைச் சேர்த்தால் அவருக்குத் தனி ஆப்கள், தனிப் படங்கள், தனிப் பூட்டு கிடைக்கும். அப்போதும் சிம், வைஃபை, போனின் மொத்த இடம் ஆகியவை பொதுவானவை. ஒருவர் ஆப்பைப் புதுப்பித்தால் அது மற்றவருக்கும் புதுப்பிக்கப்படும். போனின் உரிமையாளர் அந்தப் பயனரை நீக்கினால் அவர் இடத்தில் இருந்த கோப்புகளும் சேர்ந்தே அழியும். அதனால் அவருடைய படங்கள் அவருடைய சொந்தக் கணக்கில் பேக்கப் ஆகியிருக்கிறதா என்று அவரையே திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நீக்க வேண்டும்.