ஜோகன்னஸ்பர்க்கில் முதல் சில வாரங்கள்: தற்காலிக வீடு பிடிப்பது எப்படி?

சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குத்தான் தங்குமிடம் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் மாறினேன்.

முதலில் நாள் கணக்கு. இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மாதம் 1ஆம் தேதிதான் தொடங்கும். நீங்கள் மார்ச் 9 அன்று இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஏஜெண்டுகள் சம்பளச் சீட்டும் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். உங்கள் முதல் சீட்டு 25ஆம் தேதி வாக்கில்தான் கைக்கு வரும். அதற்குப் பிறகு விண்ணப்பம், கடன் வரலாறு சரிபார்ப்பு. ஏப்ரல் 1 கைநழுவிவிடும், மே 1தான் நிஜமான தேதி. ஆக 53 இரவு. முதலில் 28 இரவு பதிவு செய்யுங்கள், பல இடங்களில் மாத வாடகைச் சலுகை அங்கேதான் தொடங்கும். மீதி 25 இரவும் கிடைக்குமா என்று அப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

அடுத்து இடம். கார் வாங்கும்வரை கௌட்ரெயின் என்ற வேக ரயில்தான் கை கொடுக்கும். அலுவலகம் சாண்ட்டனில் என்றால் அதே ரயில் நிற்கும் ரோஸ்பாங்க், மிட்ராண்ட் பக்கம் தேடலாம். ஹோட்டலைவிட, ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் 'கார்டன் காட்டேஜ்' நல்லது. சாமான்களோடு கிடைக்கும், சாம்பார் வைக்க அடுப்பும் இருக்கும். (நிரந்தர வீடுகள் பல வெறும் சுவரோடுதான் வரும், ஃபிரிட்ஜ்கூட இருக்காது.)

பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி. கரண்ட் வாடகையில் சேர்ந்ததா? பல வீடுகளில் ப்ரீபெய்ட் மீட்டர்தான். காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் தட்டினால்தான் யூனிட் ஏறும். அது உங்கள் செலவா என்பது முன்பே தெரிய வேண்டும். தண்ணீர் நின்றால் தொட்டி உண்டா? இங்கே இரண்டு நாள் குழாய் வறண்டு கிடப்பது புதிதல்ல. மூன்றாவது, நான் அங்கே தங்கியிருக்கிறேன் என்று கடிதம் எழுதித் தருவீர்களா? வங்கிக் கணக்கு திறக்கப் போனால் முகவரிச் சான்று கேட்பது வழக்கம். வீட்டுக்காரரின் கடிதமும் அவர் பெயரில் உள்ள மாநகராட்சி பில்லும் இருந்தால் வேலை சுலபம். கணக்கு தாமதமானால் மேலே சொன்ன மே 1-உம் தள்ளிப் போகும்.

கடைசியாக, மோசடி. "நான் கேப் டவுனில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். முன்பதிவுத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான். நேரில் பார்க்க முடியாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்து, கேட்டிலிருந்து அடுப்பு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். வீடு கையில் இல்லாதவர் அதற்கு ஆயிரம் சாக்கு சொல்வார்.