ஆண்டு விழா வீடியோவுக்கு மேடை ஸ்கிரிப்ட் எழுதினால் வரும் சிக்கல்கள்

பள்ளி ஆண்டு விழா வீடியோவுக்குத் தொகுப்புரை எழுதச் சொன்னால், பலரும் போன வருடத்து மேடை ஸ்கிரிப்டைத்தான் தூசு தட்டி எடுக்கிறார்கள். பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. திரைக்குப் பின்னால் பிள்ளைகள் உடை மாற்றி வரிசையில் நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை கூட்டத்தைப் பிடித்துவைக்கத்தான் மேடையில் தொகுப்பாளர் அவ்வளவு பேசுகிறார். வீடியோவில் அந்த இடைவெளியே கிடையாது. ஒரு கட், அடுத்த நிகழ்ச்சி வந்துவிடும். அதனால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே தொகுப்பாளர் பேசும் ஓர் இணைப்புக்கு 15 முதல் 20 வினாடி போதும். எழுதியதை ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எல்லாமே சுருக்கமாகத்தான் தெரியும்.

வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

"நான்காவதாக வண்ணத்துப்பூச்சி நடனத்தைக் கண்டு களித்தோம். அடுத்து ஐந்தாவதாக, ஏழாம் வகுப்பு மாணவர்கள் வழங்கும் மௌன நாடகம். வகுப்பில் ஒரு நிமிடம்கூட வாய் மூடாதவர்கள், இங்கே எப்படி என்று பார்ப்போமா? பலத்த கரவொலி எழுப்புங்கள்!"

இதில் ஆபத்தான சொற்கள் "நான்காவதாக", "ஐந்தாவதாக". எடிட்டிங்கில் வரிசை மாறாத ஆண்டு விழா வீடியோவை நான் பார்த்ததில்லை. ஒருமுறை இதே போன்ற இணைப்புகளைப் பதிவு செய்து முடித்த பிறகுதான், நடனத்தின் ஒலி சரியாகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. அதை மறுபடி எடுத்து, வீடியோவின் கடைசிப் பகுதியில் வைக்க வேண்டியதாயிற்று. தொகுப்பாளர் பையனோ அதற்குள் முடிவெட்டிக்கொண்டான்! மறுபடி எடுத்தால் ஆளே வேறு மாதிரி இருப்பான். அதனால் எண் சொல்லும் சொல்லை மட்டும் நறுக்கினோம், நறுக்கிய இடத்தில் அவன் தலை வெடுக்கென்று குதித்தது. ஒத்திகைப் புகைப்படம் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டி மறைத்தோம்.

அன்றிலிருந்து ஒரு பிடிவாதம்: இணைப்பு, வரப்போகும் நிகழ்ச்சியை மட்டும் பேச வேண்டும். முடிந்துபோனதைப் பாராட்டும் வரி அதில் வேண்டாம். இரண்டையும் கோத்து ஒரு நகைச்சுவை எழுதினால் எழுதும்போது இனிக்கும், ஒன்றை நகர்த்தினால் அர்த்தமில்லாமல் நிற்கும்.

அந்த "வாய் மூடாதவர்கள்" ஜோக்கும் எனக்கு ஒப்பவில்லை. மேடையில் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். வீடியோவில் அது தங்கிவிடும், உறவினர்கள் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அதைக் கேட்க வேண்டும். கேலி தொகுப்பாளர் மேல் விழட்டும். கரவொலி கேட்பதையும் விட்டுவிடலாம், பார்ப்பவர் கையில் போனோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

மாற்றி எழுதினால்:

"எனக்குக் கொடுத்த ஸ்கிரிப்ட் இரண்டு பக்கம். இவர்களுக்குக் கொடுத்ததில் ஒரு வசனம்கூட இல்லை. ஆனாலும் ஒத்திகையில் கைதட்டல் வாங்கியது இவர்கள்தான்! ஏழாம் வகுப்பு வழங்கும் மௌன நாடகம், 'குழாய்'."

நிகழ்ச்சியின் பெயர் கடைசிச் சொல்லாக வருவதைக் கவனியுங்கள். எடிட் செய்பவருக்கு அதுதான் சைகை, அந்தச் சொல் முடிந்ததும் வெட்டுவார். பெயரை முதலில் சொல்லிவிட்டு ஜோக்கைக் கடைசியில் வைத்தால், சிரிப்பும் நாடகத்தின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மௌன நாடகத்தில் முதல் அசைவைத் தவறவிட்டால் கதையே புரியாமல் போகலாம்.

பெயரைச் சொன்னதும் சிறுவர்கள் செய்யும் முதல் காரியம், கண்ணைத் தாழ்த்துவது அல்லது ஓரமாகத் திரும்பி "சரியா மிஸ்?" என்று கேட்பது. வெட்டுவதற்கு இடமே இருக்காது. அதனால் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் "2 வினாடி, கேமராவைப் பார்" என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். ஜோக்குக்குப் பின் மட்டும் நிறுத்த வேண்டாம். சிரிக்க அங்கே கூட்டம் இல்லை, அந்த மௌனம் சங்கடமாகத் தெரியும். இரண்டு தொகுப்பாளர்கள் இருந்தால் மற்றவரின் முகபாவமே போதும், பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்காதீர்கள்.

நன்றியுரையில் எல்லாப் பெயரையும் வாயால் படிக்க வைப்பது இன்னொரு தவறு. இருபதாவது பெயரில் பார்ப்பவர் வீடியோவை நகர்த்திவிடுவார். போதாக்குறைக்கு, ஒரு இனிஷியல் தவறினாலும் மறுபதிவு. தொகுப்பாளர் வேலையைச் சொல்லட்டும்: "உடை தைத்தவர்கள், ஒலி பார்த்தவர்கள், ஒத்திகைக்குப் பின் எங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி." பெயர்கள் திரையில் எழுத்தாக ஓடட்டும், அலுவலகப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு. வெளியிடுவதற்கு முந்தைய இரவு "இன்னும் ஒரு பெயர் விட்டுப்போச்சு" என்று போன் வரும். எழுத்தாக இருந்தால் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம், தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுப்பத் தேவையில்லை.