பணி நடக்கும் நெடுஞ்சாலையில் இரவு நேர மாற்றுப்பாதையைக் கடப்பது எப்படி?

நான்கு வழிச்சாலையில் பாலம் கட்டும் இடங்களில் வண்டிகளை இரண்டு விதமாகத் திருப்பிவிடுவார்கள். ஒன்று, இடப்பக்க சர்வீஸ் சாலையில் இறக்கிவிடுவது. மற்றொன்று, மீடியனில் வெட்டிய இடைவெளி வழியாக எதிர்ப்பக்கச் சாலைக்கு மாற்றி, அதையே சிறிது தூரத்துக்கு இருவழிச் சாலையாக்குவது. அறிவிப்புப் பலகை சரியாக இல்லாத இரவில் புதிதாக ஓட்டுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் என்பதால், அதையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: திருப்பம் தெரிவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பலகை இல்லாவிட்டாலும் சாலை முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டிவிடும். வெள்ளைக் கோடுகள் மறைந்துபோகும், டயருக்கடியில் ஜல்லி நெரியும், விளக்கு வெளிச்சத்தில் தூசி மிதக்கும், முன்னால் போகும் லாரிகளின் பிரேக் விளக்குகள் அடுத்தடுத்து எரியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 40 கி.மீ. வேகத்துக்கு வந்துவிடுங்கள். லோ பீமில் தடையைத் தெளிவாகக் காணக்கூடிய தூரம் சுமார் 30 முதல் 40 மீட்டர்தான். ஜல்லி சிதறிய தரையில் 40 கி.மீ. வேகத்தில் வரும் காரை, கண்டு உணர்ந்து பிரேக் மிதித்து நிறுத்தவே ஏறத்தாழ 30 மீட்டர் ஆகும், 60 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதாவது 60-இல் வந்தால், மணல் மூட்டை கண்ணில் படும்போதே நிறுத்துவதற்கான இடம் தீர்ந்திருக்கும்.

இரண்டாம் படி: எந்தப் பாதை புழக்கத்தில் உள்ளது என்று தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எனக்கு இது புரிந்தது விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் விரிவாக்கப் பணி நடந்த காலத்தில், பண்ருட்டியைத் தாண்டிய ஓர் இரவில்தான். நேரே அகலமான புதிய சாலை, வலப்பக்கம் மேடு பள்ளமான மண் வழி, நடுவே சாய்ந்து கிடந்த ஒரு டிரம். கைப்பேசி வரைபடம் நேரே போகச் சொன்னது. வண்டியை நிறுத்தி, ஹை பீம் போட்டுப் பார்த்தேன். புதிய சாலையில் டயர் தடமே இல்லை, மேலே மெல்லிய தூசி மட்டும் ஒரே சீராகப் படிந்திருந்தது. மண் வழியிலோ கனரக வாகனங்களின் சக்கரங்கள் ஏறி இறுகிய இரண்டு பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. மண் வழியில் திரும்பினேன். நேரே போயிருந்தால் அந்தச் சாலை முடிக்கப்படாத பாலத்தின் விளிம்பில் நின்றிருக்கும். பளபளப்பான சாலை தடமின்றிக் கிடந்தால் அது இன்னும் திறக்கப்படவில்லை என்றே கொள்ளுங்கள். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முன்பகுதி இடிந்து போயிருந்த பாலத்தின் மீது சென்ற கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வரைபடம் சாலையின் போக்கைத்தான் அறியும், நேற்று மாலை மாற்றிவைத்த தடுப்பை அறியாது.

முன்னே போகும் வண்டியைப் பின்பற்றலாம், ஆனால் டிப்பர் லாரியை மட்டும் வேண்டாம். அது பணியிடத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அரசுப் பேருந்து நல்ல வழிகாட்டி. தூசியில் மறையாத அளவுக்கு இடைவெளி விட்டுச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: எதிர்ப்பக்கச் சாலைக்குள் நுழைந்ததும் இடது ஓரத்தைப் பிடியுங்கள். இதுவரை ஒருவழியில் ஓட்டிய பழக்கத்தில் கை தானாகவே வலது தடத்துக்குப் போகும். இப்போது அது எதிரே வருபவரின் தடம். நீங்கள் எதிர்ப்பக்கச் சாலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பலகைகளே சொல்லிவிடும்: அவற்றின் எழுத்தில்லாத பின்புறம்தான் உங்களை நோக்கி இருக்கும், மீடியனும் உங்களுக்கு இடப்பக்கமாக வந்திருக்கும். இவ்விடத்தில் முந்தவே கூடாது. எதிரே விளக்கு தெரிந்ததும் டிம் செய்துவிட்டு, கண் கூசினால் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். ஓடும்போது ஹசார்டு விளக்கைப் போட்டு வைக்காதீர்கள்; நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

நான்காம் படி: திரும்பிச் சேரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். நுழையும் இடத்திலாவது ஒரு டிரம் இருக்கும், வெளியேறும் இடத்தில் பல சமயம் அதுவும் இருக்காது. இடப்பக்க மீடியனில் இடைவெளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். எதிர் விளக்குகள் எல்லாம் திடீரென இரண்டு தடத்திலும் பரவி வரத் தொடங்கினால், இடைவெளியைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அப்போது உடனே வேகத்தைக் குறைத்து, இடப்பக்க மீடியனோடு ஒட்டி நிற்காமல், எதிரே வருபவர்களுக்கு ஹை பீமை அணைத்துப் போட்டு எச்சரித்தபடி, சாலைக்கு வெளியே ஒதுங்கக் கிடைக்கும் முதல் இடத்தில் ஒதுங்குங்கள். அங்கே நின்ற பிறகு ஹசார்டு விளக்கைப் போடுங்கள். இருட்டில் நடுச்சாலையில் யூ டர்ன் அடிக்க வேண்டாம்.

ஒதுங்கி நின்றதும், தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லி, அந்த இடைவெளியில் விளக்கோ பலகையோ இல்லை என்று தெரிவியுங்கள். அடுத்து அந்த வழியில் வருபவருக்கும் அதே இருட்டுதான் காத்திருக்கிறது.