துக்க வீட்டுக்கு அனுப்பும் மெசேஜில் செய்யக் கூடாதவை

போன வாரம் எங்கள் பெரம்பூர் அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். குரூப்பில் வரிசையாக வந்த மெசேஜ்களைப் பார்த்தபோது, ஒரு காலத்தில் நானே அனுப்பியவை ஞாபகம் வந்து எரிச்சலாகிவிட்டது. ஆர்.ஐ.பி. என்று மூன்றெழுத்தில் முடிப்பதைப் பற்றி எல்லாரும் திட்டியாயிற்று, அதை விடுகிறேன்.

"எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க"

அனுப்புபவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. என்ன தேவை, யாரால் எது முடியும், எப்படிக் கேட்பது என்று யோசிப்பதெல்லாம் அழுதுகொண்டிருப்பவர் தலையில் விழுகிறது. நம் வீடுகளில் வாய் திறந்து உதவி கேட்பதே பெரும்பாடு.

என் அப்பா வீட்டிலேயே இறந்தார், இரவு எட்டு மணிக்கு. இறப்புக்கான காரணத்தை எழுதித் தர டாக்டரைத் தேட வேண்டும், ஃப்ரீசர் பாக்ஸ் சொல்ல வேண்டும், விடிவதற்குள் மதுரையிலிருந்து அத்தை எழும்பூரில் வந்து இறங்குவார். போனில் "தயங்காம சொல்லுங்க" முப்பதுக்கு மேல் கிடந்தன. யாரிடம் கார் இருக்கிறது, யாரை அந்நேரத்தில் எழுப்பலாம் என்று தெரியாமல் ஒருவரையும் கூப்பிடவில்லை. அத்தை ஆட்டோவில் தனியாக அழுதுகொண்டே வந்தார்.

அவ்வளவு நெருக்கமில்லாத ஆபீஸ் நண்பர் ஒருவர் மட்டும் இப்படி அனுப்பியிருந்தார்: "காலை 7 மணிக்கு 40 இட்லி, சாம்பார், ஒரு பெரிய ஃப்ளாஸ்க் காபி, பேப்பர் தட்டு எல்லாம் வாட்ச்மேனிடம் வைத்துவிடுகிறேன். பதில் போட வேண்டாம். வேறு ஏற்பாடு இருந்தால் மட்டும் 'வேண்டாம்' என்று போடுங்கள்."

உடலை எடுக்கும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டோம். நாங்கள் சாப்பிடாவிட்டாலும் வந்திருந்த குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் சாப்பிட்டார்கள். என்ன, எவ்வளவு, எப்போது, எங்கே எல்லாம் அதில் இருந்தன. மறுக்கவும் ஒரே வார்த்தை போதும்.

"என்ன வாங்கிட்டு வரட்டும்?"

இதுவும் அதே கேள்விதான்.

மகனுக்கே அனுப்புவது

ஓடியாடுகிற மாப்பிள்ளை, சித்தப்பா யாரென்று கேட்டு அவருக்கு அனுப்புங்கள்.

முதல் நாளோடு நிறுத்துவது

காரியம் முடிந்ததும் வீடு காலியாகும், காகித வேலை தொடங்கும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழில் பெயர் ஆதாரிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் பேங்கில் அலைய விடுவார்கள். "வியாழன் 11 மணிக்கு வருகிறேன், அப்பாவின் ஆதாரை எடுத்து வையுங்கள், எழுத்தைச் சரிபார்த்துப் பத்து நகல் எடுத்துத் தருகிறேன்" என்று எழுதலாம். எந்த நேரத்தில் எடுப்பது, யார் கொள்ளி வைப்பது போன்றவற்றில் மட்டும் தலையிட வேண்டாம்.

போன வாரம் பெரியவரின் மாப்பிள்ளைக்கு இட்லி மெசேஜையே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "டிபன் சொல்லியாச்சு சார். நாலரைக்கு சென்ட்ரல் வரைக்கும் கார் எடுக்க முடியுமா?"