மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல தண்டனை வந்துடுச்சா? அப்பீல் போடறது எப்படி, எந்தக் காரணம் எடுபடும், எத்தனை நாள் டைம்

ஊர்ல நிறைய பேர் நினைக்கறது என்னன்னா தீர்ப்பு வந்த அன்னைக்கே நேரா ஜெயில்தான், அப்பீல்லாம் அப்புறம் உள்ள இருந்துகிட்டே போடறதுன்னு. எல்லா கேஸும் அப்படி இல்ல. சின்ன தண்டனைன்னா அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வர வழி சட்டத்துலயே இருக்கு, ஆனா அதை அன்னைக்கே கேக்கணும். இந்தப் பதிவுல மாஜிஸ்ட்ரேட் கோர்ட் தண்டனையை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா சாதாரண ஜனங்க அதிகமா மாட்டறது அங்கதான்.

புரியறதுக்கு ஒரு கேஸ் வெச்சுக்குவோம், நானே சும்மா அமைச்சதுதான். ஒரு லாரி டிரைவர், 2022ல பழனி ரோட்டுல ஒரு பைக்கோட மோதி பைக்ல வந்தவர் இறந்துட்டார். பழைய ஐபிசி 304ஏ, அதாவது அஜாக்கிரதையா ஓட்டி மரணம் உண்டாக்கினதுன்னு கேஸ். 2025 மார்ச் 3ஆம் தேதி மாஜிஸ்ட்ரேட் 1 வருஷம் ஜெயில், 5,000 ரூபாய் அபராதம்னு தீர்ப்பு சொல்றார்.

முதல்ல: தீர்ப்பு வந்த அன்னைக்கே

டிரைவர் அதுவரைக்கும் பெயில்ல இருந்தவர், தண்டனையும் 3 வருஷத்தைத் தாண்டல. இப்படி இருந்தா தண்டனை கொடுத்த அதே கோர்ட்லயே "அப்பீல் போடப் போறேன், அதுவரைக்கும் தண்டனையை நிறுத்தி வையுங்க"ன்னு மனு போடலாம். கிரிமினல் கேஸ் எப்படி நடத்தணும்னு சொல்ற புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல இது 430ஆவது பிரிவு, பழைய சிஆர்பிசில 389. குறிப்பிட்டு ஒரு காரணம் சொல்லி மறுத்தா தவிர கோர்ட் பெயில் குடுக்கணும். அதனால தீர்ப்புக்குப் போகும்போதே ரெண்டு ஜாமீன்தாரரைக் கூட்டிட்டுப் போங்க, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரிஜினலோட. அபராதப் பணத்தையும் கையோட எடுத்துட்டுப் போயி கட்டிடுங்க, கட்டலன்னா அதுக்குத் தனியா ஜெயில் இருக்கு.

கோர்ட் இந்த நிறுத்தத்தைப் பெரும்பாலும் 30 நாள்னு ஒரு கெடுவோடதான் குடுக்கும். இந்தக் கெடுவை மனசுல வெச்சுக்கோங்க, கீழ இது ஒரு பெரிய சிக்கல்ல கொண்டுபோய் விடும்.

ஜெயில் தண்டனைன்னா தீர்ப்போட நகல் ஒண்ணு அன்னைக்கே இலவசமா குடுக்கணும், அது உங்க உரிமை, கேட்டு வாங்குங்க. அதுபோக சர்டிஃபைடு காப்பிக்கு அப்ளிகேஷனும் போட்டுடுங்க.

அடுத்து: எந்த கோர்ட்டுக்குப் போகணும்

மாஜிஸ்ட்ரேட் குடுத்த தண்டனைக்கு அப்பீல் செஷன்ஸ் கோர்ட்ல. நம்ம டிரைவருக்கு அது திண்டுக்கல் மாவட்ட முதன்மை செஷன்ஸ் கோர்ட். இதுவே செஷன்ஸ் கோர்ட்ல விசாரிச்சு தண்டனை வந்திருந்தா அப்பீல் ஹைகோர்ட்டுக்குப் போகும், தென் மாவட்டக்காரங்களுக்கு மதுரை கிளை.

ஒரு எச்சரிக்கை. "குத்தத்தை ஒத்துக்கோ, அபராதத்தக் கட்டிட்டுப் போயிடலாம்"னு யாராவது சொல்லி, நீங்களும் கோர்ட்ல ஒத்துக்கிட்டா, அப்புறம் நான் குற்றவாளியே இல்லன்னு அப்பீல் போட முடியாது. தண்டனை அளவு அதிகம், இல்ல சட்டப்படி சரியில்லன்னு மட்டும்தான் கேக்கலாம். இதைத் தெரியாம ஒத்துக்கிட்டு, பின்னாடி லைசென்ஸ் போச்சு வேலை போச்சுன்னு வந்து நிக்கறவங்களைப் பாத்தா வயிறு எரியும்.

நாள் கணக்கு

லிமிட்டேஷன் சட்டப்படி செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 60 நாள், மரண தண்டனைக்கு எதிரான அப்பீல்னா 30 நாள். இதுல எதைக் கழிக்கணும்ங்கறதுதான் பலருக்கும் குழப்பம், அதனால டிரைவர் கேஸ்ல போட்டே பாப்போம்.

தீர்ப்பு மார்ச் 3. தீர்ப்பு நாளைக் கணக்குல சேக்கக் கூடாது, மார்ச் 4லேருந்து எண்ணினா 30ஆவது நாள் ஏப்ரல் 2. காப்பிக்கு அப்ளிகேஷன் போட்டது மார்ச் 5, காப்பி ரெடியானது மார்ச் 14. இந்த 10 நாள் காப்பி எடுக்க ஆன நேரம், இதைக் கழிச்சுக்கலாம், அப்போ கடைசி நாள் ஏப்ரல் 12. அது ரெண்டாவது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, அடுத்த நாள் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள் லீவு. கடைசி நாள் கோர்ட் மூடியிருந்தா திறக்கற முதல் நாள் போட்டா போதும், ஆக ஏப்ரல் 15 செவ்வாய் வரைக்கும் டைம்.

காப்பியோட பின்னாடி ஒரு சீல் இருக்கும், அப்ளிகேஷன் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டின தேதி, ரெடியான தேதி, வாங்கின தேதின்னு வரிசையா எழுதியிருப்பாங்க. ஸ்டாம்ப் கட்டச் சொல்லியும் நீங்க கட்டாம விட்ட நாள், ரெடியானப்புறம் போய் வாங்காம விட்ட நாள் எதுவும் கழியாது. கோர்ட் ஆபீஸ்ல அந்த சீலைப் பாத்துத்தான் நாள் எண்ணுவாங்க.

இப்போ மேல சொன்ன சிக்கல். அப்பீலுக்கு டைம் ஏப்ரல் 15 வரைக்கும் இருக்கு சரி, ஆனா மாஜிஸ்ட்ரேட் குடுத்த நிறுத்தம் ஏப்ரல் 2ஓட முடியுது. காப்பிக்கு ஆன நாள் அதுல சேராது. டைம்தான் இருக்கேன்னு ஏப்ரல் 10 வரைக்கும் உக்காந்திருந்தா நடுவுல வாரன்ட் வந்துடும். அதனால உண்மையான கடைசி நாள் எதுன்னா அந்த நிறுத்தம் முடியற நாள்தான், அதுக்குள்ள அப்பீலைப் போட்டு, அப்பீல் முடியற வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்ல ஆர்டர் கையில வாங்கிடணும். முடியலன்னா மாஜிஸ்ட்ரேட்டிடமே கெடுவை நீட்டிக்கக் கேட்டு முன்னாடியே மனு போடணும்.

டைமே தாண்டிடுச்சுன்னா? தாமத மன்னிப்பு மனு அப்பீலோட சேத்துப் போடணும், லிமிட்டேஷன் சட்டம் 5ஆவது பிரிவு. "உடம்பு சரியில்ல"ன்னு ஒரு வரி எழுதினா பத்தாது, எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் ஆஸ்பத்திரி, அதுக்கான டிஸ்சார்ஜ் சம்மரி, அப்புறம் மிச்ச நாள் என்ன ஆச்சுன்னு அஃபிடவிட்ல சொல்லணும்.

ஜெயில்ல இருக்கறவங்களுக்கு வக்கீல் இல்லன்னாலும் வழி இருக்கு. அப்பீல் மனுவையும் தீர்ப்பு காப்பியையும் ஜெயில் அதிகாரி கிட்ட குடுத்தா அவர் அதை அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கணும். காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் குடுக்கும்.

எந்தக் காரணம் எடுபடும்

முதல் அப்பீல்ங்கறது சாட்சியத்தை முழுசா மறுபடி எடைபோடறது. மாஜிஸ்ட்ரேட் நம்பின சாட்சியை செஷன்ஸ் ஜட்ஜ் நம்பாமப் போகலாம். இந்த வாய்ப்பு ஒரு தடவைதான், அதனால மனுல "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் புறம்பானது"ன்னு வழக்கமா எழுதற வரியோட நிறுத்திடாதீங்க.

டிரைவர் கேஸ்ல முதல் காரணம், குற்றத்தோட அடிப்படையே நிரூபணம் ஆகல. கண்ணால பாத்த சாட்சி ரெண்டு பேரும் "லாரி அதிவேகமா வந்துச்சு"ன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. வேகம்னா எவ்வளவு, ரோடு எப்படி, யார் எந்தப் பக்கம் வந்தாங்கன்னு ஒண்ணும் இல்ல. கர்நாடகா அரசு எதிர் சதீஷ்ங்கற 1998 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, அதிவேகம்ங்கற சொல் மட்டுமே அஜாக்கிரதைக்கு நிரூபணம் ஆகாது. விபத்து நடந்தாலே டிரைவர் தப்புன்னும் எடுத்துக்க முடியாது. இந்த மாதிரி கேஸ்கள்ல பல சமயம் இந்த ஒரு பாயின்ட்லயே விடுதலை கிடைக்கும். கூடவே ஸ்பாட் வரைபடத்தையும் மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்க, டயர் தடம் ரோட்டோட இடப்பக்கமே இருந்தா சாட்சி சொல்றதுக்கு அது நேர் எதிர்.

ரெண்டாவது முரண்பாடு. சாட்சி போலீஸ்ல சொன்னது ஒண்ணு, கோர்ட்ல சொன்னது ஒண்ணுன்னு இருந்தா எடுபடும்தான், ஆனா அது முக்கியமான விஷயத்துல இருக்கணும், சட்டை கலர் மாத்தி சொன்னான்ங்கறதுக்கெல்லாம் கேஸ் விழாது. இன்னொண்ணு, அந்த முரண்பாட்டைக் குறுக்கு விசாரணைல சாட்சி கிட்ட கேட்டு, அப்புறம் விசாரணை அதிகாரி கிட்டயும் கேட்டுப் பதிய வெச்சிருக்கணும். அப்போ கேக்காம விட்டுட்டு அப்பீல்ல போலீஸ் வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டினா ஜட்ஜ் அதைப் பாக்கவே மாட்டார். அப்பீல்ல தோக்கறது பல தடவை விசாரணை நடந்தப்போவே முடிவாயிடுது.

மூணாவது, சாட்சிகள் முடிஞ்சதும் கோர்ட் உங்களைக் கேள்வி கேக்குமே, பழைய சிஆர்பிசில 313ஆவது பிரிவு, இப்போ பிஎன்எஸ்எஸ்ல 351. உங்களுக்கு எதிரான ஒரு விஷயத்தை அங்க உங்க கிட்ட கேக்கவே இல்லன்னா அதை வெச்சுத் தண்டிக்கக் கூடாது. ஆனா அதனால உங்களுக்குப் பாதிப்பு வந்துச்சுன்னும் காட்டணும். சம்மன்ல தேதி தப்பு, சார்ஜ்ல எழுத்துப்பிழைங்கற மாதிரி குறைகள் எல்லாம் நீதி தவறிப்போச்சுன்னு காட்டாத வரைக்கும் செல்லாது.

கடைசியா தண்டனை அளவு. வயசு, குடும்பம், முன்னாடி கேஸ் இல்லாதது, கேஸ் எத்தனை வருஷம் இழுத்துச்சுங்கறதெல்லாம் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். 304ஏல ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தை பிணைல விடறது மட்டும் கஷ்டம், டிரைவர்களுக்கு அப்படி விடக் கூடாதுன்னு டல்பீர் சிங் வழக்குல 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

அப்பீல் போனா தண்டனையைக் கூட்டிடுவாங்களோன்னு பயந்தே சிலர் போடாம விடறாங்க. நீங்க போட்ட அப்பீல்ல அந்த கோர்ட் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியா அப்பீல் போட்டிருந்தாதான் அந்தப் பேச்சே வரும்.

அரசு வேலைல இருக்கறவங்க கவனிக்க

தண்டனையை நிறுத்தறது வேற, நீங்க குற்றவாளிங்கற தீர்ப்பையே நிறுத்தறது வேற. முதலாவது கிடைச்சா ஜெயிலுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான், குற்றவாளிங்கறது அப்படியே இருக்கும், டிபார்ட்மென்ட் நடவடிக்கை எடுக்கலாம். ரெண்டாவதுக்குத் தனியா மனு போடணும், அது அபூர்வமாத்தான் கிடைக்கும். பொன்முடி விஷயத்துல 2024 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பையே நிறுத்தி வெச்சதுக்கு அப்புறம்தான் அவர் மறுபடி அமைச்சரானார்.

செஷன்ஸ்லயும் தோத்தா

அடுத்தது ஹைகோர்ட்ல ரிவிஷன், 90 நாள். அங்க சாட்சியை மறுபடி எடைபோட மாட்டாங்க, சட்டத் தவறு, யாரும் வர முடியாத முடிவுக்குக் கீழ்க்கோர்ட் வந்திருக்குன்னு இருந்தாதான் தலையிடுவாங்க. டிரைவர் கேஸ்ல "அதிவேகம் மட்டும் பத்தாது"ங்கறது சட்டப் பாயின்ட், அங்கயும் நிக்கும். சாட்சி பொய் சொல்றான்ங்கறது பெரும்பாலும் நிக்காது. செஷன்ஸ் கோர்ட் அப்பீலைத் தள்ளுபடி பண்ணினா உங்க பெயிலும் முடிஞ்சுடும், அதனால அந்தத் தீர்ப்பு தேதிக்கு முன்னாடியே ரிவிஷனுக்கு வக்கீல் கிட்ட பேசி, வக்காலத்துல கையெழுத்துப் போட்டு வெச்சுடுங்க, சரண்டர் ஆனப்புறம் ஜெயிலுக்கு அலைஞ்சு கையெழுத்து வாங்கறதுலயே ஒரு வாரம் போயிடும்.